டீலர் தேடும் மின்னஞ்சல்: ஆக்லாந்துச் சிறு உற்பத்தியாளரின் கணக்கும் கடிதமும்

ஆக்லாந்தில் வீட்டுச் சமையலறையிலோ வாடகைக்கு எடுத்த சிறு கூடத்திலோ இட்லிப் பொடியும் ஊறுகாயும் தயாரித்து விற்கத் தொடங்கும் ஒருவர், முதலில் தன் காரிலேயே பெட்டிகளை ஏற்றிக்கொண்டு சாண்ட்ரிங்கம், மவுண்ட் ராஸ்கில் பகுதி மளிகைக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். கடைக்காரரின் முகம் தெரியும். பணம் எப்போது வரும் என்று தெரியும். எந்தப் பொருள் அலமாரியில் தேங்கி நிற்கிறது என்பதும் கண்ணால் பார்த்தே தெரியும். வியாபாரம் கொஞ்சம் பெருகியதும் அடுத்த நினைப்பு வருகிறது: வெலிங்டனிலும் கிறைஸ்ட்சர்ச்சிலும் யாராவது ஏஜென்சி எடுத்தால் என்ன? அன்று இரவே ஒரு மின்னஞ்சல் எழுதப்படுகிறது. பாட்டியின் கைப்பக்குவம், கலப்படமில்லாத தரம், வாடிக்கையாளர்களின் பாராட்டு எல்லாம் அதில் இருக்கும். விநியோகஸ்தர் தெரிந்துகொள்ள விரும்பும் செய்தி மட்டும் இருக்காது.

அந்த மின்னஞ்சலில் என்ன இருக்க வேண்டும், அதற்குப் பின்னால் என்ன கணக்கு இருக்க வேண்டும், நியூசிலாந்துச் சட்டம் அதற்கு எங்கெங்கே எல்லை வகுக்கிறது என்பதைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். விநியோகஸ்தர் மூன்று கேள்விகளுக்கு விடை தேடுகிறார். என் கையில் எவ்வளவு நிற்கும்? இந்தப் பகுதி என்னுடையதா? விற்காத சரக்கு யார் தலையில் விழும்? இந்த மூன்றுக்கும் விடை சொல்லும் மடலே வியாபார மடல் என்பது என் முடிவு. அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தூரம் உண்டாக்கும் தேவை

நியூசிலாந்தின் மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் ஆக்லாந்தில் வாழ்கிறார்கள். சிறு உற்பத்தியாளருக்கு உள்ளூர்ச் சந்தையே பெரிது. தெற்கே சுமார் 125 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஹாமில்டனுக்கும் வாரம் ஒருமுறை வேனில் போய்வந்துவிடலாம். அதைத் தாண்டினால் கணக்கு மாறுகிறது. வெலிங்டன் சாலை வழியாக 640 கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து குக் நீரிணையைப் படகில் கடந்து பிக்டனில் இறங்கி, மறுபடி லாரியில் கிறைஸ்ட்சர்ச் போக வேண்டும்.

அந்த வழி எவ்வளவு மெல்லியது என்பதை 2016 நவம்பர் 14 அன்று நிகழ்ந்த கைகோரா நிலநடுக்கம் காட்டியது. பிக்டனுக்கும் கிறைஸ்ட்சர்ச்சுக்கும் இடையிலான கடற்கரை நெடுஞ்சாலை மூடப்பட்டு, 2017 டிசம்பரில்தான் மீண்டும் திறந்தது. சரக்கு அதுவரை உள்நாட்டு மலைவழியில் சுற்றிப் போனது. தென் தீவில் ஒரு விநியோகஸ்தரை வைப்பதன் முதல் பயன் இங்கே இருக்கிறது. கடைகளுக்கு அருகிலேயே சில வாரங்களுக்கான சரக்கைத் தன் கிடங்கில் வைத்திருக்க ஒருவர் வேண்டும். கடைகளைச் சுற்றிவருவதும் பணம் வசூலிப்பதும் அதற்கு அடுத்துத்தான். எனவே இக்கட்டுரை கிறைஸ்ட்சர்ச்சையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

ஆக்லாந்து கண்ட பெரிய டீலர்ஷிப் வழக்கு

டீலர்ஷிப் என்ற ஏற்பாட்டை நியூசிலாந்து ஆழமாக விவாதித்தது ஓர் ஆக்லாந்து நிறுவனத்தை முன்வைத்துத்தான். உல்ஃப் ஃபிஷரும் மாரிஸ் பேக்கலும் 1934இல் தொடங்கிய ஃபிஷர் அண்ட் பேக்கல், முதலில் வெளிநாட்டுக் குளிர்பெட்டிகளையும் சலவை இயந்திரங்களையும் இறக்குமதி செய்தது. 1930களின் இறுதியில் அரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதும் உள்நாட்டிலேயே தயாரிக்கும் நிறுவனமாக மாறியது. நாடெங்கும் டீலர்கள் சேர்ந்தார்கள். அவர்களுடைய ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: எங்கள் பொருளை விற்கும் கடை, போட்டி நிறுவனங்களின் அதே வகைப் பொருள்களை விற்கக் கூடாது.

1986இல் வணிகச் சட்டம் வந்தபின் இந்த நிபந்தனை கேள்விக்குள்ளானது. அது போட்டியைக் கணிசமாகக் குறைக்கிறது என்று வணிக ஆணையம் கருதியது. நிறுவனம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அப்படிக் குறைக்கவில்லை என்று 1990இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்த வழக்கிலிருந்து சிறு உற்பத்தியாளர் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. பிற நிறுவனச் சரக்கை விற்கக் கூடாது என்பது போன்ற நிபந்தனையைச் சட்டம் பெயரை வைத்து எடைபோடுவதில்லை. சந்தையில் அது என்ன விளைவை உண்டாக்குகிறது என்று பார்க்கிறது. இது முதலாவது. அப்படிக் கேட்கும் வலிமை ஃபிஷர் அண்ட் பேக்கலுக்கு இருந்தது, ஏனென்றால் அதன் பொருள் இல்லாமல் ஒரு கடை நடத்துவது கடினம். இட்லிப் பொடிக்கு அந்த வலிமை இல்லை. 'எங்கள் பொடியை மட்டும் விற்க வேண்டும்' என்று முதல் மடலிலேயே எழுதுபவர், பெரிய நிறுவனத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு பேசுகிறார். சிறு வியாபாரத்தில் தனி உரிமையைக் கேட்பவர் விநியோகஸ்தர். கொடுப்பதா என்று யோசிக்க வேண்டியவர் உற்பத்தியாளர்.

அலமாரி விலையிலிருந்து கீழே இறங்கும் கணக்கு

உற்பத்திச் செலவில் தொடங்கி, அதன்மேல் லாபம் வைத்து, அதன்மேல் விநியோகஸ்தர் பங்கு, கடைக்காரர் பங்கு என்று ஏற்றிக்கொண்டே போவது பலரின் வழக்கம். அப்படிப் போனால் கடைசியில் வரும் விலையில் யாரும் வாங்கமாட்டார்கள். வாடிக்கையாளர் தரத் தயாராக உள்ள விலையில் தொடங்கிக் கீழே இறங்குவதே சரியான வழி. ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்தவை. அவரவர் பொருளுக்கு அவரவர் எண்ணை வைத்துக்கொள்ளலாம்.

200 கிராம் இட்லிப் பொடி பாக்கெட் கிறைஸ்ட்சர்ச் கடையில் 7.50 டாலருக்கு விற்கிறது என்று கொள்வோம். நியூசிலாந்தில் உணவுப் பொருளுக்கும் 15 சதவீத ஜிஎஸ்டி உண்டு. அதை நீக்கினால் 6.52 டாலர். கடைக்காரர் தன் விற்பனை விலையில் 30 சதவீதம் வைத்துக்கொண்டால், அவர் விநியோகஸ்தருக்குத் தருவது 4.56. அதில் விநியோகஸ்தர் 20 சதவீதம் எடுத்தால் உற்பத்தியாளருக்கு வருவது 3.65. ஒரு பெட்டிக்கு 24 பாக்கெட். ஒரு பெட்டியைக் கிறைஸ்ட்சர்ச்சுக்கு அனுப்ப 9 டாலர் ஆகிறது என்றால் பாக்கெட்டுக்கு 38 சென்ட் போகும். மீதி 3.27. பொருள், பாக்கெட், கூலி, வாடகை எல்லாம் சேர்ந்த அடக்கவிலை 2.40 என்றால், கையில் நிற்பது 87 சென்ட்.

இதே பாக்கெட்டை ஆக்லாந்துக் கடைக்கு நேரடியாகக் கொடுத்தால் 4.56 கிடைக்கும், காரில் கொண்டுபோகும் செலவு மட்டுமே கழியும். ஆகவே விநியோகஸ்தர் மூலம் விற்பதென்பது பாக்கெட்டுக்குக் குறைந்த லாபத்தை ஏற்றுக்கொண்டு எண்ணிக்கையைக் கூட்டுவது. உள்ளூரில் தாங்கிய விலை அந்த ஏற்பாட்டைத் தாங்காமல் போகலாம். 87 சென்டுக்குப் பதில் 10 சென்ட்தான் நிற்கும் என்றால், மடல் எழுதுவதற்கு முன் பாக்கெட்டின் அளவையோ அடக்கத்தையோ மாற்ற வேண்டும். விநியோகஸ்தர் கிடைத்த பிறகு விலையை ஏற்றினால் அவருடைய நம்பிக்கை போய்விடும்.

இங்கே ஒரு சொல் பெரும் குழப்பம் செய்கிறது. '20 சதவீத மார்ஜின்' என்று எழுதினால் எதன்மேல் 20 சதவீதம்? விற்கும் விலையின்மேல் என்றால் விநியோகஸ்தர் 4.56க்குக் கொடுப்பார். வாங்கும் விலையின்மேல் என்றால் 3.65உடன் அதன் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து 4.38க்குக் கொடுப்பார். பாக்கெட்டுக்கு 18 சென்ட் வித்தியாசம். வாரம் 60 பாக்கெட் விற்றால் ஆண்டுக்கு 560 டாலருக்கு மேல். மடலில் சதவீதத்தை மட்டும் எழுதாமல் 'உங்களுக்கு 3.65, நீங்கள் கடைக்குக் கொடுக்க நாங்கள் எண்ணும் விலை 4.56; இரண்டும் ஜிஎஸ்டி நீங்கலாக' என்று டாலரிலேயே எழுதினால் இந்தச் சண்டை பிறக்காது.

விநியோகஸ்தர் நம்பும் ஒரே ஆதாரம்

மேற்சொன்ன கணக்கில் விநியோகஸ்தருக்குப் பெட்டிக்குச் சுமார் 21.84 டாலர் நிற்கும். மாதம் இரண்டு பெட்டி விற்றால் அவர் வேனின் பெட்ரோலுக்கே அது காணாது. பத்துப் பெட்டிக்கு மேல் என்றால் யோசிப்பார். ஆகவே அவர் தேடுவது ஓர் எண்: ஒரு கடையில் ஒரு வாரத்தில் எத்தனை பாக்கெட் விற்கிறது?

இந்த எண்ணைத் திரட்டுவது கடினமல்ல. ஆக்லாந்துக் கடைகளுக்குப் போகும்போதெல்லாம் அலமாரியில் மிச்சமிருப்பதை எண்ணி, கொடுத்ததில் கழித்து, ஒரு நோட்டில் எழுதிவந்தால் போதும். ஆறு மாதம் எழுதினால் 'பதினான்கு கடைகள், 26 வாரங்கள், சராசரியாகக் கடைக்கு வாரம் 5 பாக்கெட்' என்று சொல்ல முடியும். கிறைஸ்ட்சர்ச்சில் 12 கடை கிடைத்து அதே வேகத்தில் விற்றால் வாரம் 60 பாக்கெட், மாதம் ஏறக்குறைய 11 பெட்டி. விநியோகஸ்தருக்கு மாதம் சுமார் 240 டாலர். இந்தப் பொருளுக்காக அவர் தனியாக வேன் ஓட்டத் தேவையில்லை; ஏற்கெனவே அரிசியும் பருப்பும் கொண்டுபோகும் வேனில் கூடுதலாக இரண்டு மூன்று பெட்டி ஏறும் என்றால் இது அவருக்கு நல்ல வரவு.

கொடுத்த எண்ணிக்கையும் விற்ற எண்ணிக்கையும் ஒன்றல்ல என்பதை இங்கே கவனிக்க வேண்டும். இருபது கடைக்கு இருபது பெட்டி கொடுத்தேன் என்பது அலமாரி நிரம்பியதைத்தான் காட்டுகிறது. இரண்டாவது, மூன்றாவது ஆர்டர் எந்த இடைவெளியில் வந்தது என்பதே விற்பனையைக் காட்டும். எண்ணைக் கூட்டிச் சொல்வது ஆபத்தும்கூட. வியாபாரத்தில் ஆதாரமில்லாத கூற்றைச் சொல்வதை நியூசிலாந்தின் நியாய வணிகச் சட்டம் தடைசெய்கிறது. அந்த நோட்டு ஒரே நேரத்தில் விற்பனைக் கருவியாகவும் பாதுகாப்பாகவும் இருக்கிறது.

பகுதி உரிமையும் அதற்கான விலையும்

புதிய பொருளை ஓர் ஊரில் பழக்குவது உழைப்பு. அந்த உழைப்பு முடிந்ததும் வேறொருவர் அதே பொருளைக் குறைந்த விலையில் கொண்டுவந்து இறக்கினால் முதலில் உழைத்தவர் ஏமாந்துபோவார். அதனால்தான் விநியோகஸ்தர் தனி உரிமை கேட்கிறார். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஐந்து ஆண்டுக்கு 'தென் தீவு முழுவதும் உங்களுக்கே' என்று எழுதிக்கொடுத்துவிட்டு, அவர் கிறைஸ்ட்சர்ச்சில் நான்கு கடைக்கு மேல் போகவில்லை என்றால், டனீடினும் இன்வர்கார்கிலும் ஐந்து ஆண்டுக்குப் பூட்டிக் கிடக்கும்.

மூன்று அளவுகள் இதைச் சரிசெய்யும். இடத்தைச் சிறிதாக வரையறுக்க வேண்டும்: தென் தீவு என்று சொல்லாமல் கேன்டர்பரி மண்டலம் என்று சொல்லலாம். காலத்தை ஆறு மாதச் சோதனையாக வைக்கலாம். குறைந்தபட்சக் கொள்முதலை எதிர்பார்ப்புக்குக் கீழே வைக்க வேண்டும். நம் கணக்கில் காலாண்டுக்கு 13 வாரம், வாரம் 60 பாக்கெட் என்றால் 780 பாக்கெட், அதாவது 32 பெட்டிக்குச் சற்று மேல். இலக்கை 25 பெட்டி என்று வைத்தால் புதிய ஊரில் ஏற்படும் தொய்வுக்கு இடம் இருக்கும். இலக்கை எட்டவில்லை என்றால் தனி உரிமை மட்டும் போகும். அவர் தொடர்ந்து விற்கலாம், வேறொருவரும் விற்கலாம். ஒப்பந்தமே முறியும் என்று எழுதுவதைவிட இது இருவருக்கும் எளிது.

இணையக் கடை நடத்தும் உற்பத்தியாளர் ஒன்றை மறைக்கக் கூடாது. கிறைஸ்ட்சர்ச் வாடிக்கையாளர் நேரடியாக ஆர்டர் செய்தால் என்ன ஆகும்? விநியோகஸ்தர் பின்னால் கண்டுபிடித்துக் கேட்கும் நிலை வரக் கூடாது. 'வீட்டு வாடிக்கையாளர்களின் இணைய ஆர்டர்களை நாங்களே அனுப்புவோம். கடைகள் கேட்டால் உங்களிடம் அனுப்பிவைப்போம்' என்ற ஒரு வரி போதும். இருவருமே ஒரே சந்தையில் விற்கும்போது பகுதியைப் பிரித்துக்கொள்வது போட்டிச் சட்டத்தைத் தொடும் விஷயம். பொருள் வழங்கும் ஒப்பந்தங்களுக்குச் சட்டத்தில் விதிவிலக்கு இருக்கிறது. அது உங்கள் ஏற்பாட்டுக்குப் பொருந்துமா என்பதைக் கையெழுத்துக்கு முன் ஒரு வழக்கறிஞர் பார்ப்பது நல்லது. 2021 ஏப்ரல் முதல் போட்டியாளர்களின் கூட்டுச் சதி நியூசிலாந்தில் குற்றவியல் தண்டனைக்கு உரியதாகிவிட்டது.

கடன், மிச்சச் சரக்கு

இந்நாட்டு வியாபாரத்தில் பரவலான கடன் தவணை 'மறுமாதம் 20ஆம் தேதி'. ஜூன் 2 அன்று பில் போட்ட சரக்குக்கு ஜூலை 20 அன்று பணம் வரும்: 48 நாள். ஜூன் 30 அன்று போட்டால் 20 நாள். இருபது பெட்டி முதல் ஆர்டர் 1,752 டாலர். ஜிஎஸ்டி சேர்த்து 2,014.80. இந்தத் தொகை ஏழு வாரம் வெளியே நின்றால் தாங்குமா என்பதை உற்பத்தியாளர் தன் வங்கிக் கணக்கைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். முதல் ஆர்டருக்கு முன்பணம், இரண்டாவதிலிருந்து மறுமாதம் 20 என்று எழுதுவது நடுவழி.

'பணம் வரும்வரை சரக்கு எங்களுடையது' என்று பில்லில் அச்சடித்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். போதாது. 1999ஆம் ஆண்டின் தனிச்சொத்துப் பிணைச் சட்டத்தின்படி, விற்பனைக்குக் கொடுத்த சரக்கின்மேலான உரிமையை அரசின் இணையப் பதிவேட்டில், சரக்கு விநியோகஸ்தர் கைக்குப் போகும் முன்பே பதிந்திருக்க வேண்டும். பதியாமல் விட்டு, விநியோகஸ்தர் நொடித்துப்போனால், அவருக்குக் கடன் கொடுத்த வங்கி அந்தப் பெட்டிகளின்மேலும் முந்திக்கொள்ளும்.

மிச்சச் சரக்கைப் பற்றி முதல் மடலிலேயே பேசுவது அபசகுனம் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் விநியோகஸ்தரின் பயம் அங்கேதான் இருக்கிறது. பொடிக்கு ஒன்பது மாத ஆயுள் என்று வைத்துக்கொண்டால், அவர் கிடங்குக்குப் போய்ச் சேரும்போது ஆறு மாதமாவது மிச்சமிருக்கும் என்று உறுதி சொல்லலாம். 'சோதனைக் காலம் முடிந்து நீங்கள் விலக விரும்பினால், திறக்காத, மூன்று மாத ஆயுளாவது மிச்சமுள்ள பெட்டிகளைப் பில் விலைக்கே எடுத்துக்கொள்கிறோம்' என்று எழுதினால், அவர் எடுக்கும் ஆபத்து சிறிதாகிறது. உற்பத்தியாளருக்கு அதிகபட்ச நஷ்டம் சில பெட்டிகளும் திரும்பி வரும் லாரிக் கூலியும். ஆக்லாந்தில் அவற்றை ஒரு மாதத்தில் விற்றுவிடலாம்.

மடல் அனுப்புவதிலும் விலை சொல்வதிலும் சட்டம்

கேட்காமல் அனுப்பும் மின்மடல்களுக்கென்று நியூசிலாந்தில் 2007 முதல் தனிச் சட்டம் உண்டு. வியாபார வாய்ப்பை முன்வைக்கும் மடலும் அதற்குள் வரும். பெறுபவரின் சம்மதம் வேண்டும். ஆனால் ஒரு நிறுவனம் தன் மின்னஞ்சல் முகவரியைப் பொதுவில் வெளியிட்டிருந்து, விளம்பர மடல் வேண்டாம் என்று குறிப்பிடாமலும் இருந்து, மடல் அதன் தொழிலுக்குப் பொருத்தமாகவும் இருந்தால் சம்மதம் இருப்பதாகவே சட்டம் கொள்ளும். உணவு விநியோகஸ்தரின் இணையதளத்தில் உள்ள முகவரிக்கு உணவுப் பொருள் பற்றி எழுதலாம் என்று பொருள். அனுப்புபவர் யார் என்பது தெளிவாக இருக்க வேண்டும்; இனி வேண்டாம் என்று சொல்ல எளிய, செலவில்லாத வழி இருக்க வேண்டும். மீறினால் நிறுவனத்துக்கு 5 லட்சம் டாலர்வரை அபராதம் விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. முகவரிகளை மென்பொருள் வைத்து வாரிக்கொள்வதும் தடை. ஐந்து பேருக்கு ஐந்து மடலாகத் தனித்தனியே எழுதுவது சட்டத்துக்கும் நல்லது, பதில் வருவதற்கும் நல்லது.

விலையில் தமிழர்கள் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. இந்தியாவில் பாக்கெட்டின்மேல் அதிகபட்சச் சில்லறை விலை அச்சிடுவது கட்டாயம். அந்தப் பழக்கத்தில் 'எங்கள் பொருளை 7.50க்குத்தான் விற்க வேண்டும்' என்று மடலில் எழுதிவிடுவார்கள். நியூசிலாந்தில் அப்படி அச்சிடும் கட்டாயம் இல்லை. விநியோகஸ்தரோ கடையோ குறிப்பிட்ட விலைக்குக் கீழே விற்கக் கூடாது என்று உற்பத்தியாளர் கட்டாயப்படுத்துவதும், கீழே விற்றால் சரக்கை நிறுத்துவதும் வணிகச் சட்டத்தின் 37ஆம் பிரிவின்படி தடை. பிற நிறுவனச் சரக்கை விற்கத் தடைபோடும் நிபந்தனையில் விளைவைப் பார்க்கும் சட்டம், இங்கே விளைவைப் பார்க்காமலே தடுக்கிறது. பரிந்துரை விலை சொல்லலாம்; அது பரிந்துரை மட்டுமே, கட்டாயம் இல்லை என்று கூடவே எழுத வேண்டும். இந்தியாவிலும் அச்சிட்ட விலைக்கு மேல் விற்கத்தான் தடை. தள்ளுபடி தருவதை உற்பத்தியாளர் தடுக்க முடியாது. டீலர்கள் தரும் தள்ளுபடியைக் கட்டுப்படுத்தியதாக மாருதி சுசூகிக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2021இல் 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது இதற்குச் சான்று.

பேச்சு வழக்கில் ஏஜென்ட், டீலர், விநியோகஸ்தர் என்று மாற்றி மாற்றிச் சொல்கிறோம். ஏஜென்ட் உங்கள் சரக்கை உங்கள் சார்பில் விற்றுக் கமிஷன் வாங்குபவர், விலை உங்களுடையது. விநியோகஸ்தர் பணம் கொடுத்து வாங்கித் தன் பெயரில் விற்பவர், விலை அவருடையது. எதைக் கேட்கிறோம் என்று மடலில் ஒரே சொல்லை வைத்து எழுத வேண்டும்.

பின்னால் அனுப்பும் அச்சிட்ட ஒப்பந்தத்துக்கும் ஓர் எல்லை உண்டு. தொடங்கும்போது ஆண்டுக்கு 2,50,000 டாலருக்கு மிகாத மதிப்புள்ள வணிக ஒப்பந்தங்களில், மறுபேச்சுக்கு இடமில்லாமல் நீட்டப்படும் நியாயமற்ற நிபந்தனைகளை 2022 ஆகஸ்ட் 16 முதல் சட்டம் கட்டுப்படுத்துகிறது. 'விலையை எப்போது வேண்டுமானாலும் மாற்றுவோம், நீங்கள் விலக முடியாது' என்பது போன்ற வரிகளை இருபக்கமும் தவிர்க்க வேண்டும்.

உணவு என்பதால் இன்னொன்றும் சேரும். உணவுச் சட்டத்தின்படியான பதிவும், ஒவ்வாமைப் பொருள்களைத் தெளிவாகச் சொல்லும் லேபிளும் இல்லாமல் எந்த விநியோகஸ்தரும் தொடமாட்டார். இட்லிப் பொடியில் எள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருப்பது பலருக்குத் தோன்றாது. லேபிளில் கோதுமை விடுபட்டால், விற்ற சரக்கைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறும் நிலை வரும். அந்த அலைச்சல் முழுவதும் விநியோகஸ்தர் தலையில் விழும்.

ஒரு மாதிரி மடல்

ஆக்லாந்தில் இந்த மடல் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகும். முன்பின் தெரியாதவரையும் முதற்பெயரால் அழைப்பது இந்நாட்டு வழக்கம். அதை மரியாதைக் குறைவாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. பெறுபவர் தமிழர் என்றால் தமிழிலேயே எழுதலாம். மேலே பார்த்த கணக்கு மடலாகும்போது இப்படி அமையும்:

> பொருள்: இட்லிப் பொடி — கேன்டர்பரி விநியோகம் — ஆறு மாதச் சோதனை
>
> வணக்கம் ஐயா.
>
> ஆக்லாந்தில் இட்லிப் பொடி தயாரிக்கிறோம். கிறைஸ்ட்சர்ச் இந்திய மளிகைக் கடைகளுக்கு நீங்கள் அரிசி, பருப்பு வழங்கிவருவதை உங்கள் இணையதளத்தில் பார்த்து எழுதுகிறேன்.
>
> கடந்த 26 வாரங்களில் ஆக்லாந்தின் 14 கடைகளில் கடைக்கு வாரம் சராசரியாக 5 பாக்கெட் விற்றிருக்கிறது. வாராந்திரக் கணக்கை இணைத்துள்ளேன்.
>
> உங்களுக்கு விலை: பாக்கெட் 3.65 டாலர், கிறைஸ்ட்சர்ச் கிடங்கில் இறக்கி. கடைக்கு நாங்கள் பரிந்துரைக்கும் விலை 4.56. இரண்டும் ஜிஎஸ்டி நீங்கலாக. பரிந்துரை மட்டுமே, விலை உங்கள் விருப்பம். பெட்டிக்கு 24 பாக்கெட்.
>
> கேன்டர்பரி மண்டலத்தில் கடைகளுக்கு ஆறு மாதம் நீங்கள் மட்டும். காலாண்டுக்கு 25 பெட்டி எடுத்தால் தனி உரிமை தொடரும். இணையத்தில் வரும் வீட்டு ஆர்டர்களை மட்டும் நாங்கள் அனுப்புவோம்.
>
> ஆறு மாதத்தில் விலக நினைத்தால், மூன்று மாத ஆயுள் மிச்சமுள்ள திறக்காத பெட்டிகளைப் பில் விலைக்கே எடுத்துக்கொள்கிறோம்.
>
> பன்னிரண்டு பாக்கெட் மாதிரி அனுப்பட்டுமா? எந்த முகவரிக்கு என்று சொன்னால் போதும். இம்மாத இறுதிவரை இந்த மண்டலத்தில் வேறு யாரிடமும் கேட்கமாட்டேன்.
>
> இதுபோன்ற மடல் வேண்டாம் என்றால் 'வேண்டாம்' என்று பதில் அனுப்புங்கள், மீண்டும் எழுதமாட்டேன்.

கீழே பெயர், நிறுவனத்தின் பெயர், முகவரி, தொலைபேசி. இணைப்பாக இரண்டே தாள்: விற்பனைக் கணக்கு ஒன்று, லேபிள் படத்துடன் பொருள் விவரம் ஒன்று. கடன் தவணை, பதிவேடு, ஒப்பந்தம் எல்லாம் அடுத்த பேச்சுக்கு. மடல் கேட்பது ஒன்றே ஒன்று: மாதிரியை அனுப்ப ஒரு முகவரி.

இம்மாத இறுதிவரை வேறு யாரிடமும் கேட்கமாட்டேன் என்ற வரிக்கு ஒரு காரணம் உண்டு. ஒரே மண்டலத்தின் தனி உரிமையை ஒரே நாளில் மூவருக்கு நீட்டுவது நேர்மையல்ல. மூவரில் இருவர் பேசிக்கொண்டால் அன்றே பெயர் கெடும். அந்த ஊர் வியாபாரிகள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள்.

சம்மதம் கிடைத்த பின்

இருபது பெட்டி என்பது 480 பாக்கெட். வாரம் 60 என்றால் எட்டு வாரச் சரக்கு. பன்னிரண்டு கடை அலமாரிகளில் தலா 12 பாக்கெட் நிற்கும் என்றால் அதிலேயே 144 போய்விடும். ஆகவே விற்பனை எதிர்பார்த்தபடி இருந்தால் ஆறாவது வாரத்தை ஒட்டி இரண்டாவது ஆர்டர் வர வேண்டும். பத்தாவது வாரமும் வரவில்லை என்றால் கோளாறு இருக்கிறது. சரக்கு கிடங்கைவிட்டே போகவில்லையா, அல்லது அலமாரிக்குப் போய் விற்கவில்லையா என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எந்தெந்தக் கடைக்கு எத்தனை போனது என்ற மாதப் பட்டியலை முதலிலேயே கேட்டு ஏற்பாடு செய்துகொண்டால் இது தெரியும். முதல் நிலைமைக்கு விநியோகஸ்தரிடம் பேச வேண்டும். இரண்டாவதற்கு உற்பத்தியாளரே விமானம் ஏறிக் கிறைஸ்ட்சர்ச் போய், ஒரு சனிக்கிழமை கடையில் நின்று, சூடான இட்லியோடு பொடியைச் சுவைக்கக் கொடுக்க வேண்டும். தூரத்து விநியோகஸ்தர் சரக்கைக் கொண்டுசேர்ப்பார். பொருளை வாடிக்கையாளருக்கு அறிமுகப்படுத்தும் வேலை உற்பத்தியாளருடையதாகவே இருக்கும்.

இதுவரை பார்த்ததில் மடலின் மொழிநடைக்கு உள்ள பங்கு சிறியது. ஆறு மாத நோட்டு, அலமாரியிலிருந்து இறங்கிய விலைக்கணக்கு, விலகும் வழியை முன்கூட்டியே சொல்லும் துணிவு ஆகிய மூன்றும் இருந்தால் மடலை அரைமணி நேரத்தில் எழுதிவிடலாம். இவை இல்லாதபோது எவ்வளவு அழகாக எழுதினாலும், கிறைஸ்ட்சர்ச்சில் அதைப் படிப்பவர் கணக்குப் போட ஓர் எண்கூடக் கிடைக்காது. வெளியூர் ஏஜென்சி கொடுக்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: இன்றிரவு மடல் எழுத வேண்டாம். நாளைக் காலை கடைக்குப் போகும்போது ஒரு நோட்டை எடுத்துச் செல்லுங்கள். அலமாரியில் மிச்சமிருக்கும் பாக்கெட்டுகளை எண்ணி முதல் வரியை எழுதுங்கள்.